ஆப்ஷன் பொசிஷனின் ஒரு நாள் லாப நஷ்டம் கிரீக்குகளோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழிமுறை

நேற்று மாலை ஆப்ஷனின் விலை ஒன்று, இன்று மாலை வேறொன்று. இடையில் வந்த லாபத்தையோ நஷ்டத்தையோ டெல்டா, காமா, தீட்டா, வேகா என்று பிரித்துப் போட்டுக் கூட்டினால், கையில் வந்த தொகைக்கு அருகில் வர வேண்டும். வராத தொகையை இங்கே 'மீதி' என்கிறோம். மீதி பெரிதாக இருந்தால் நான்கு எண்களில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்பதை மீதியின் அளவு, குறி, அது வரும் நாள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறோம்.

முதலில், எல்லாம் சரியாக இருக்கும் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். பின்னால் வரும் ஒவ்வொரு பிழையையும் இதே கணக்கில் வைத்துத்தான் காட்டப்போகிறோம்.

ஒழுங்காக அமைந்த ஒரு நாள்

ஸ்பாட் 1000, ஸ்ட்ரைக் 1000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், இம்ப்ளைடு வாலட்டிலிட்டி (இனி ஐவி) 20 சதவீதம். வட்டியும் டிவிடெண்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிளாக்-ஷோல்ஸ் படி ஒரு கால் ஆப்ஷனின் விலை 22.871. இதில் 100 கால்களை வாங்கி வைத்திருக்கிறோம். நேற்று மாலை நிலவரப்படி மொத்தப் பொசிஷனின் கிரீக்குகள்:

- டெல்டா 51.1 (ஸ்பாட் ஒரு புள்ளி நகர்ந்தால்)
- காமா 0.695 (ஸ்பாட் ஒரு புள்ளி நகர்ந்தால் டெல்டா மாறும் அளவு)
- தீட்டா −38.1 (ஒரு காலண்டர் நாளுக்கு)
- வேகா 114.3 (ஐவி ஒரு சதவீதப் புள்ளி நகர்ந்தால்)

இன்று மாலை ஸ்பாட் 1015. அதே 1000 ஸ்ட்ரைக்கின் ஐவி 18.5-க்கு இறங்கிவிட்டது. ஆப்ஷன் விலை 29.305. ஆக, கையில் வந்த லாபம் 643.

```
explained = delta*dS + 0.5*gamma*dS^2 + theta*dt + vega*dIV
residual  = actual - explained
```

டெல்டாவில் 51.1 × 15 = 767. காமாவில் 0.5 × 0.695 × 225 = 78. தீட்டா −38. வேகாவில் 114.3 × (−1.5) = −171. கூட்டினால் 636, மீதி 7.

இந்த 7-ஐ நிகர லாபத்தோடு ஒப்பிடாதீர்கள். டெல்டாவும் வேகாவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் நாளில் நிகர லாபம் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும்; அதோடு ஒப்பிட்டால் சாதாரண மீதிகூடப் பூதாகரமாகத் தெரியும். குறியை விட்டுவிட்டு நான்கு தொகைகளையும் கூட்டுங்கள்: 767 + 78 + 38 + 171 = 1054. மீதி இதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அமைதியான நாளில் இது இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் தேடத் தொடங்கலாம் என்பது எங்கள் அளவுகோல்.

இந்த 7 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், பின்னால் உதவும். மாடலில் ஒவ்வொன்றாக மாற்றி விலை போட்டுப் பாருங்கள். நாளை மட்டும் 29 ஆக்கினால் விலை 22.487 (−38). அடுத்து ஸ்பாட்டை 1015 ஆக்கினால் 30.941 (+845, அதாவது அப்படியே டெல்டாவும் காமாவும் சேர்ந்த தொகை). கடைசியாக ஐவியை 18.5 ஆக்கினால் 29.305 (−164). வேகாவுக்கு −171 என்று எழுதினோம், உண்மையில் போனது −164. காரணம், ஒரு நாள் குறைந்து ஸ்பாட்டும் ஸ்ட்ரைக்கை விட்டு விலகியதில் வேகா 114-லிருந்து 109-க்கு இறங்கிவிட்டது. நேற்றைய வேகாவை வைத்துப் பெருக்கியதால் 7 கூடுதலாகக் கழிக்கப்பட்டது. இது பிழை இல்லை, முறையின் இயல்பான எல்லை.

அறிகுறி: ஸ்பாட் நமக்குச் சாதகமாகப் போயும் லாபம் டெல்டா சொன்னதைவிடக் குறைவு

மேலே பார்த்த நாளே இதற்கு உதாரணம். டெல்டா 767 தர வேண்டும், வந்தது 643. இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஐவி இறங்கியதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் ஐவி எவ்வளவு இறங்கினால் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் போகும் என்று போட்டுப் பாருங்கள். காமாவின் 78-லிருந்து தீட்டாவின் 38-ஐக் கழித்தால் 40 மிஞ்சுகிறது. அதோடு டெல்டாவின் 767-ஐயும் சேர்த்தால் 807. இதை வேகா 114-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7. ஐவி இன்னும் இறங்கி, மொத்தம் 7 சதவீதப் புள்ளி சரிந்திருந்தால், 15 புள்ளி ஏறியும் இந்தப் பொசிஷன் கிட்டத்தட்டச் சும்மா நின்றிருக்கும். பெரிய அறிவிப்புக்கு முன் ஐவி வீங்கி, அறிவிப்பு வந்ததும் வடியும் நாட்களில் இதைத்தான் பார்க்கிறோம்.

அறிகுறி: மீதி, நான்கு தொகைகளில் ஒன்றின் அளவிலேயே இருக்கிறது

இது பெரும்பாலும் அலகுக் குழப்பம். மீதியை ஒவ்வொரு தொகையாலும் வகுத்துப் பாருங்கள். விடை முழு எண்ணுக்கு அருகில் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

மீதி ஏறக்குறைய −71 என்றால், அது காமாத் தொகை 78-க்கு எதிர்க்குறியில் இருக்கிறது. 0.5 விட்டுப்போயிருக்கிறது: 78-க்குப் பதில் 156 எழுதியிருக்கிறீர்கள்.

மீதி −159, அதாவது காமாத் தொகையின் இரண்டு மடங்கு அளவில், எதிர்க்குறியில் இருந்தால், நேற்றைய டெல்டாவுக்குப் பதில் இன்று மாலை டெல்டாவை எடுத்திருக்கிறீர்கள். மாலையில் டெல்டா 62.2, அதை 15-ஆல் பெருக்கினால் 933. நாளின் தொடக்கத்தில் இல்லாத டெல்டாவுக்கு நாள் முழுதும் லாபம் எழுதிவிட்டு, காமாவிலும் அதையே மறுபடி எழுதுகிறீர்கள். கிரீக்குகளை இரவில் சேமித்து வைக்காமல், மறுநாள் மாலை ஷீட்டைத் திறந்து நேரலை எண்களை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முந்தைய நாள் மூடும் நேரக் கிரீக்குகளைத் தனி நெடுவரிசையில் மதிப்பாக ஒட்டி வைப்பதே தீர்வு.

மீதி −162 என்றால் வேகாத் தொகை கணக்கில் சேரவே இல்லை. வேகா ஒரு சதவீதப் புள்ளிக்கு இருக்க, ஐவி மாற்றத்தை −0.015 என்று போட்டால் −171-க்குப் பதில் −1.7 தான் வரும். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: சூத்திரம் நேரடியாகத் தரும் வேகா 11,433, அதை −1.5-ஆல் பெருக்கினால் −17,149. அதேபோல் சூத்திரம் தரும் தீட்டா ஆண்டுக்கானது. இந்தப் பொசிஷனுக்கு −13,910. அதை 365-ஆல் வகுத்தால்தான் −38.1.

காமாவில்தான் ஏமாற்றம் அதிகம். சில திரைகள் காமாவை ஸ்பாட்டின் ஒரு சதவீத நகர்வுக்குக் காட்டும். ஸ்பாட் 1000 என்றால் ஒரு சதவீதம் 10 புள்ளி, 0.695 என்பது 6.95 என்று தெரியும், காமாத் தொகை 782 ஆகிவிடும். திரையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஸ்பாட்டை ஒரே ஒரு புள்ளி ஏற்றி டெல்டா எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், ஐவியை ஒரு புள்ளி ஏற்றி விலை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், நாளை ஒன்று குறைத்துப் பாருங்கள். இந்த மூன்று சோதனைகளும் ஐந்து நிமிட வேலை. புதிதாக எந்த மென்பொருளைத் தொட்டாலும் இதைச் செய்துவிட்டே மேலே போக வேண்டும்.

அறிகுறி: இன்று பெரிய மைனஸ், நாளை அதே அளவு பிளஸ்

மீதி இப்படிப் புரண்டு வந்தால், இன்றைய மூடும் விலை தவறு. கிரீக்குகளைக் குடைய வேண்டாம்.

ஆப்ஷனில் கடைசி வியாபாரம் ஸ்பாட் 1009-ல் இருந்தபோது நடந்தது, அதன் பிறகு ஸ்பாட் 1015-க்குப் போய் மூடியது என்று வைத்துக்கொள்வோம். கடைசி வியாபார விலையை அப்படியே எடுத்தால் 6 புள்ளி நகர்வு ஆப்ஷனில் ஏறவில்லை. மாலை டெல்டா 0.6 அளவில் இருப்பதால் ஒரு கால் சுமார் 3.6 குறைவாக மதிப்பிடப்படும். 100 காலுக்கு 360. மறுநாள் விலை சரியானதும் அந்த 360 திரும்பி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பலர் ஐவியை மூடும் விலையிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். அப்போது பழைய ஆப்ஷன் விலையும் புதிய ஸ்பாட்டும் சேர்ந்து, ஐவி மூன்று புள்ளிக்கு மேல் கூடுதலாக இறங்கியது போல் காட்டும். தவறு மீதியில் தெரியாது, வேகாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். விலையிலிருந்து ஐவியை எடுக்கும் எந்தக் கணக்கிலும் மீதி பெரும்பாலும் அழகாகச் சிறிதாகவே இருக்கும்; அதை வைத்து மட்டும் கணக்கு சரி என்று முடிவு கட்டக் கூடாது. வேகாத் தொகையும் இன்று மைனஸ், நாளை பிளஸ் என்று புரள்கிறதா என்று பாருங்கள். அதே ஸ்ட்ரைக், அதே எக்ஸ்பைரியின் புட் ஐவியையும் பக்கத்தில் வையுங்கள். வட்டியையும் டிவிடெண்டையும் சரியாகக் கொடுத்திருந்தால், ஐரோப்பிய வகை ஆப்ஷனில் காலும் புட்டும் ஒரே ஐவியைத்தான் காட்ட வேண்டும். இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்றின் விலை பழையது. ஸ்பாட் எடுத்த அதே நிமிடத்தில் இருந்த வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவை எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அறிகுறி: வாரத்தின் முதல் நாளில் மட்டும் மீதி வருகிறது

வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலைக்குக் காலண்டரில் மூன்று நாள், வர்த்தகத்தில் ஒரு நாள். நம் பொசிஷனில் காலண்டர்படி தீட்டா −114. ஆண்டுக்கு 252 வர்த்தக நாள் என்று வைத்தால் −13,910 ÷ 252 = −55.

ஸ்பாட் அசையாமல், பொசிஷன் 55 மட்டும் இறங்கியது என்று கொள்வோம். காலண்டர் கணக்கில் தீட்டா −114 என்று இருப்பதால், மாடல் ஐவியை ஏறக்குறைய அரைப் புள்ளி ஏற்றிக் காட்டி, வேகாவில் +59 எழுதிச் சரிக்கட்டும். வர்த்தக நாள் கணக்கில் தீட்டா −55, வேகா பூஜ்ஜியம். இரண்டுமே கூட்டினால் சரியாக வரும். கலந்தால்தான் கெடும்: தீட்டாவை 252-ல் எடுத்து ஐவியை 365-ல் எடுத்தால் −55 + 59 = +4 என்று கணக்கு சொல்லும், கையில் −55 இருக்கும், மீதி −59. ஐவி எந்த நாள் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்கில்தான் தீட்டாவும் வர வேண்டும். எங்களைக் கேட்டால் இரண்டில் வர்த்தக நாள் கணக்கே மேல். வாரா வாரம் ஐவி ஏறி இறங்குவது போன்ற பொய்த் தோற்றம் அதில் குறைவு.

அறிகுறி: ஸ்பாட் ஏறினால் ஒரு குறி, இறங்கினால் எதிர்க்குறி

பத்துப் பதினைந்து நாள் மீதியை ஸ்பாட் நகர்வுக்கு எதிராகப் புள்ளி போட்டுப் பாருங்கள். சாய்வான கோடு தெரிந்தால், உங்கள் ஸ்ட்ரைக்கின் ஐவிக்குப் பதில் ஏடிஎம் ஐவியை எடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நம் நாளில் 1000 ஸ்ட்ரைக்கின் ஐவி 20-லிருந்து 18.5 ஆனது. ஆனால் ஸ்பாட் 1015-க்குப் போனதும் ஏடிஎம் என்பது 1015 ஸ்ட்ரைக். மேல் ஸ்ட்ரைக்குகளில் ஐவி குறைந்துகொண்டே போகும் சரிவு இருந்தால் அங்கே 18.2 இருக்கலாம். அதை எடுத்தால் மாற்றம் −1.8, வேகாத் தொகை −206, மீதி 7-க்குப் பதில் 42. ஸ்பாட் இறங்கும் நாளில் இதுவே மறுபக்கம் திரும்பும். ஸ்ட்ரைக்கை மாற்றாமல், அதே ஒப்பந்தத்தின் நேற்றைய ஐவியையும் இன்றைய ஐவியையும் ஒப்பிட்டால் போதும்.

அறிகுறி: ஸ்பாட் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது, கணக்கு நஷ்டம் என்கிறது, கையில் லாபம்

டெல்டாவை ஹெட்ஜ் செய்து வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. பொசிஷனின் டெல்டா 51.1-க்கு எதிராக நேற்றே 51 யூனிட் விற்றிருக்கிறோம். இன்று ஸ்பாட் 1000-லிருந்து 1020-க்குப் போனது. டெல்டா 0.695 × 20 = 14 அளவு ஏறியதால் இன்னும் 14 யூனிட் விற்றோம். பிறகு ஸ்பாட் 1000-க்கே வந்து மூடியது.

மூடும் விலைகளை மட்டும் பார்த்தால் நகர்வு பூஜ்ஜியம், எனவே காமாத் தொகையும் பூஜ்ஜியம், தீட்டா −38. ஆனால் 1020-ல் விற்ற 14 யூனிட் 1000-ல் மூடியதால் 280 லாபம் தந்திருக்கிறது. அது மீதியாக வந்து நிற்கும். நாளை 1020-ல் இரண்டாக வெட்டிப் பார்த்தால் புதிர் விடுபடும்: ஏறும்போது 0.5 × 0.695 × 400 = 139, இறங்கும்போது இன்னொரு 139, மொத்தம் 278. வியாபாரம் நடந்த ஒவ்வொரு இடத்திலும் நாளை வெட்டிக் கணக்கிடலாம். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால், நேற்றிரவு இருந்த பொசிஷனுக்கு மட்டும் நான்கு கிரீக்குகள், இன்று நடந்த வியாபாரங்களுக்கு 'வியாபார லாபம்' என்று தனி வரி. இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

இதே பொசிஷனுக்குப் பயன்படும் ஒரு சரிபார்ப்பு: ஹெட்ஜ் செய்த பின் காமா, தீட்டாவை ஈடுகட்ட ஸ்பாட் ஒரு நாளில் எவ்வளவு நகர வேண்டும்? 2 × 38.1 ÷ 0.695-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 10.5 புள்ளி. ஐவி 20-ஐ 365-இன் வர்க்கமூலத்தால் வகுத்தாலும் 1.05 சதவீதம், அதே 10.5 புள்ளிதான். இவ்விரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காமாவின் அலகோ தீட்டாவின் அலகோ தவறு. வட்டி பெரிதாக இருந்தால் மட்டும் தீட்டாவில் வட்டிக்கான பகுதியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் பெரிய நகர்வு நாளில் மட்டும் உடைகிறது

அதே பொசிஷனில் ஐவி 20-லேயே நிற்க, ஸ்பாட் ஒரே நாளில் 1080-க்குத் தாவினால்: டெல்டா 4091, காமா 0.5 × 0.695 × 6400 = 2225, தீட்டா −38, கூட்டினால் 6278. மாடல் விலை 82.32, உண்மை லாபம் 5945. மீதி −333. அலகு, விலை, நாள் எதிலும் தவறில்லை. 1080-க்குப் போவதற்குள் காமா 0.695-லிருந்து 0.25-க்குக் கரைந்துவிட்டது, நாம் வழி முழுவதும் 0.695 இருந்ததாக எழுதிவிட்டோம்.

இந்த மாதிரி நாளில் சூத்திரத்தை விட்டுவிட்டு, முதல் பகுதியில் செய்தது போல் படிப்படியாக விலை போட்டுப் பிரிப்பதே சரி: முதலில் நாள், பிறகு ஸ்பாட், பிறகு ஐவி. மீதி தானாகவே பூஜ்ஜியமாகும். ஆனால் வரிசையை மாற்றினால் பங்கீடும் மாறும். நம் 643 லாப நாளில் ஸ்பாட்டுக்கு முன் ஐவியை மாற்றினால், ஐவிக்கு −164-க்குப் பதில் −169, ஸ்பாட்டுக்கு 845-க்குப் பதில் 850. ஆகவே ஒரு வரிசையைத் தேர்ந்து, எல்லா நாளும் அதையே பின்பற்றுங்கள்.

எக்ஸ்பைரிக்கு இரண்டு மூன்று நாள் இருக்க, ஸ்பாட் ஸ்ட்ரைக்கை ஒட்டி நின்றால், சாதாரண நகர்வுகூட இந்த 1080 தாவலைப் போலத்தான் நடந்துகொள்ளும். காமா குறுகிய இடத்தில் குவிந்திருப்பதால் சில புள்ளி நகர்ந்தாலே அது மாறிவிடும், தீட்டாவும் ஒரே நாளுக்குள் வேறாகிவிடும். அந்த நாட்களில் டெல்டாவையும் காமாவையும் தனித்தனியாக எழுதுவதில் பயன் இல்லை. ஸ்பாட், நாள், ஐவி என்ற மூன்று நெடுவரிசைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.